டெலிபோனில் ஒரு ‘ம்...’

நாலு பேரைக் கட்டி மேய்த்து உத்தியோகம் பார்த்த எவருக்கும் இந்த டெலிபோன் ஒரு முறையாவது வந்திருக்கும். “ஸார், உங்களிடம் முன்பு வேலை பார்த்த இன்னார் எங்கள் கம்பெனிக்கு மனுப் போட்டிருக்கிறார். விசாரிக்க உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார். ஆள் எப்படி?” என்று ஒரு குரல் கேட்கும். நாம் ஒரு கையில் காபி டம்ளரோடு நின்றுகொண்டே பதில் சொல்லிவிட்டு, ரிசீவரை வைத்த மறு நிமிஷம் மறந்தும் போவோம். ஆனால், அந்த இரண்டு நிமிஷப் பேச்சில் எதிர்ப்பக்கம் ஒருவருடைய பிழைப்பு நிர்ணயமாகிவிடுகிறது. மும்பையில் முப்பத்திரண்டு வருடம் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் நிர்வாகமும் கணக்கும் பார்த்தவன் என்ற முறையில், இதில் நான் செய்த ஒரு தவறையும், அதன் பிறகு கற்றுக்கொண்ட ஒழுங்கையும் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தவறு நடந்தது 2011ஆம் வருடம், மார்ச் கடைசி வாரம். கையிருப்புச் சரக்கை எண்ணிக் கணக்கெடுக்கும் அமளியில் இருந்தேன். எங்களிடம் ஏழு வருடம் டெஸ்பாட்ச் குமாஸ்தாவாக இருந்துவிட்டு விலகிய ஒரு மராட்டியரைப் பற்றி ஒருவர் விசாரித்தார். “ஆள் எப்படி ஸார்?” என்றார். என் மனம் முழுக்க எதிரே கிடந்த சரக்குப் பட்டியலில் இருந்தது. “ம்... வேலை தெரிந்தவர்தான். மற்றதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் என் அறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. “ஸாப், உங்களிடம் இருந்த ஏழு வருஷத்தில் நான் எதைத் திருடினேன்?” என்று ஹிந்தியில் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அவர் மனுப் போட்டிருந்தது ஸ்டோர் கீப்பர் வேலைக்கு. பூட்டுச் சாவி கையில் இருக்கும் வேலை. அப்படிப்பட்ட வேலைக்கு ஆள் தேடுகிறவர் காதில் ‘மற்றதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வாக்கியம் எப்படி விழும்? கை சுத்தமில்லை என்றுதான் விழும். நான் மனதில் நினைத்ததோ வேறு. கடைசி நான்கு மாதம் அவர் வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வந்தார். அதுவும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லி, என் அனுமதி வாங்கிக்கொண்டு. தாயாரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்விட்டு வருவார். அந்த ‘தாமதம்’தான் என் அவசரத்தில் ஒரு ‘ம்...’ ஆகி, டெலிபோன் கம்பியின் மறுமுனையில் ‘திருட்டு’ ஆகிவிட்டது.

அன்றே அந்தக் கம்பெனிக்கு நானே பேசி, நடந்ததைச் சொல்லித் திருத்தினேன். அவர்கள் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்கள். ஆனால் இடம் நிரம்பிவிட்டது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறலாம். போன வேலையைத் திரும்பப் பெற்றுத்தர முடியாது.

இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர், “எதற்கு வம்பு? யார் கேட்டாலும் தங்கமான பையன் என்று சொல்லிவிட்டுப் போங்களேன்” என்கிறார்கள். வேறு சிலர், “நான் எதுவும் பேசுவதில்லை என்று வைத்துவிடுவேன்” என்கிறார்கள். இரண்டுமே பிரச்சினையைத் தீர்ப்பதில்லை என்பது என் கருத்து. எல்லோரையும் தங்கம் என்றால், உண்மையிலேயே தங்கமான ஒருவருக்கு நாம் சொல்லும் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகும். நம்மை நம்பி ஆள் எடுத்த முதலாளியும் ஏமாறுவார். ஒன்றுமே சொல்லாமல் வைத்தால், ‘ஏதோ இருக்கிறது, அதனால்தான் பேச மறுக்கிறார்’ என்று கேட்பவர் தானாகவே முடிவு கட்டிக்கொள்வார்.

இன்று பல கம்பெனிகளில், முன்னாள் ஊழியரைப் பற்றி யார் கேட்டாலும் பணியில் இருந்த தேதிகளையும் பதவியையும் மட்டுமே சொல்ல வேண்டும், அதையும் பணியாளர் பிரிவுதான் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் கம்பெனியில் அப்படி இருந்தால் அதை மீறக் கூடாது. ஆனால் மௌனமாக மறுக்காமல் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள்: “எங்களிடம் எல்லோருக்கும் இதே விதி, மிக நல்ல ஊழியரைப் பற்றிக் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்லுவேன்.” இந்த ஒரு வாக்கியம் இல்லாததால் எத்தனையோ பேர் மீது வீண் சந்தேகம் விழுகிறது.

பேச அனுமதி இருக்கிறவர்கள் எப்படிப் பேசுவது? இதை ஓர் உதாரணத்தோடு சொல்வதுதான் சரி.

2019இல் எங்கள் கணக்குப் பிரிவில் செம்பூரைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். சில்லறைச் செலவுப் பணப்பெட்டி அவன் பொறுப்பு. பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டிய தொகை 25,000 ரூபாய். அதாவது ரொக்கமும் செலவுச் சீட்டுகளும் சேர்ந்து அந்தத் தொகை வர வேண்டும். ஒரு நாள் சொல்லாமல் போய் எண்ணினோம். 6,200 ரூபாய் குறைந்தது. பையன் வெலவெலத்துப் போனான். இரண்டு நாள் தேடியதில் 4,850 ரூபாய்க்குக் கணக்குக் கிடைத்தது. டெம்போக்காரர்களுக்கும் மூட்டை இறக்கும் கூலியாட்களுக்கும் கொடுத்த பணம். கொடுத்த அன்றே சீட்டுப் போட்டுக் கையெழுத்து வாங்காமல் விட்டிருக்கிறான். பணம் வாங்கியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டதில் ஒப்புக்கொண்டார்கள். மீதி 1,350 ரூபாய்க்கு வழி தெரியவில்லை. அதைத் தன் சம்பளத்திலிருந்து கட்டினான். விசாரணைக் குறிப்பில், ‘நேர்மைக் குறைவுக்கு ஆதாரம் இல்லை, சீட்டுப் போடுவதில் அலட்சியம்’ என்று எழுதினோம். அதன் பிறகு பதினொரு மாதம் ஒவ்வொரு வாரமும் எண்ணினோம். ஒரு ரூபாய் வித்தியாசம் வரவில்லை.

பிறகு அவன் வேறு வேலை தேட ஆரம்பித்து, எங்களிடமிருந்து விலகினான். போகும்போது, “ஸார், யாராவது கேட்டால் நல்லபடியாச் சொல்லுங்க” என்றான். இங்கேதான் நாம் முதலில் சறுக்குகிறோம். வாசல்வரை வந்து, தோளில் தட்டி, “கவலைப்படாதே தம்பி, பிரமாதமாச் சொல்லிடறேன்” என்று வாக்குக் கொடுத்துவிடுகிறோம். பிறகு எதிர்ப்பக்கம், “பண விஷயத்தில் ஏதாவது குறை உண்டா?” என்று நேரடியாகக் கேட்டால் என்ன செய்வது? உண்மை சொன்னால் பையனுக்கு நம்பிக்கைத் துரோகம். மறைத்தால் கேட்பவருக்குத் துரோகம். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்ததால் வந்த வினை.

ஆகவே அவனை உட்கார வைத்து, அரைப் பக்கம் எழுதி, அவனுக்கே வாசித்துக் காட்டினேன். எத்தனை வருடம் இருந்தான், என்ன வேலை பார்த்தான், எதைக் கற்றுக்கொண்டான் என்பது முதல் பாகம். பணப்பெட்டி விவகாரம் இரண்டாம் பாகம். குறைந்த தொகை, கிடைத்த கணக்கு, கட்டிய தொகை, விசாரணையின் முடிவு, அதன் பின் பதினொரு மாதம் எல்லாம் அதில் இருந்தது. “இதை நானாக எடுத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பணத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்கவும் மாட்டேன். சொன்னால் பாதி சொல்லாமல் முழுதாகச் சொல்லுவேன். இது உனக்குச் சம்மதமானால் என் பெயரைக் கொடு. இல்லாவிட்டால் வேறு ஒருவர் பெயரைக் கொடு, எனக்கு வருத்தமில்லை” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். “ரொக்கம் கையாளுகிற வேலையாக இருந்தால் நானே முதலில் சொல்லிவிடட்டுமா ஸார்?” என்றான். அதைவிடப் புத்திசாலித்தனம் வேறில்லை என்றேன்.

இரண்டு மாதத்தில் டெலிபோன் வந்தது. கூப்பிட்டவரின் பெயர், கம்பெனி, பதவி மூன்றையும் குறித்துக்கொண்டு, “பத்து நிமிஷத்தில் நானே உங்கள் ஆபீஸ் நம்பருக்குப் பேசுகிறேன்” என்றேன். இது பந்தா இல்லை. யார் வேண்டுமானாலும் எந்தக் கம்பெனியின் பெயரையும் சொல்லலாம். கடன் வசூலிக்கிறவரும் கேட்கலாம். பெண் கொடுக்கப் போகிறவரும் கேட்கலாம். அந்தக் கம்பெனியின் பொது நம்பரைத் தேடி எடுத்துப் பேசினால், ஆள் நிஜமா என்பது தெரிந்துவிடும். அந்தப் பத்து நிமிஷத்தில் அரைப் பக்கக் காகிதத்தையும் தேடி எடுத்துவிடலாம். 2011இல் இதைச் செய்திருந்தால் அந்த ‘ம்...’ வந்தே இருக்காது.

திரும்பப் பேசும்போது முதல் கேள்வி என்னுடையது: “என்ன வேலைக்கு எடுக்கிறீர்கள்? என்ன பொறுப்பு?” மருந்து, ஆஸ்பத்திரிச் சாமான்கள் மொத்த வியாபாரம் செய்கிற இடம், கணக்கு உதவியாளர் வேலை, வாடிக்கையாளர்களின் பாக்கிக் கணக்கு முக்கிய வேலை, கொஞ்சம் ரொக்கமும் உண்டு என்றார். அவர் மனதில் இருக்கிற வேலை எது என்று தெரிந்த பிறகுதான், நம் சொல் அங்கே எப்படி விழும் என்று கணிக்க முடியும்.

“ஆள் எப்படி?” என்றார். “எப்படி என்று மொத்தமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. என்னிடம் என்ன செய்தார் என்று சொல்கிறேன்” என்று ஆரம்பித்தேன். பாக்கிக் கணக்கில் ஏறத்தாழ 140 வாடிக்கையாளர்களை அவர் பார்த்தார். மாதம் பத்தாம் தேதிக்குள் நிலுவைப் பட்டியல் என் மேஜைக்கு வந்துவிடும். கடிதம் எழுதுவதில் கொஞ்சம் பலவீனம், வாய்ப்பேச்சில் வசூல் செய்வதில் கெட்டிக்காரர் என்றேன். “பணத்தில்?” என்றார். காகிதத்தைப் பார்த்து, மேலே எழுதியபடி ஆதியோடந்தமாகச் சொன்னேன். ‘குறைந்தது’ என்ற வார்த்தையோடு நிறுத்தவில்லை. ‘பதினொரு மாதம் வித்தியாசமில்லை’ என்பதுவரை ஒரே மூச்சில் சொன்னேன். பாதியில் நிறுத்திய உண்மைக்கும் பொய்க்கும் பலன் ஒன்றுதான். “இதை அவரும் சொன்னார்” என்றார் அவர்.

அதற்குப் பிறகு வந்ததுதான் கஷ்டமான கட்டம். நான் தமிழன் என்று தெரிந்ததும் அவர் சட்டென்று தமிழுக்கு மாறி, “ஸார், நமக்குள்ள இருக்கட்டும், எழுத்தில் வேண்டாம். மனசுல பட்டதைச் சொல்லுங்க. பையன் நம்ம ஆளுதானே?” என்றார். சங்கப் பத்திரிகையில் எழுதுவதால் இதை மறைக்காமல் எழுதுகிறேன். வெளியூரில் பிழைக்கிற நமக்குத் தமிழ்க் குரல் கேட்டால் மனம் இளகிவிடும். ஆனால் ‘நமக்குள்ள’ என்று ஒன்று இந்த விஷயத்தில் கிடையாது. அவர் காதில் விழுந்தது அவர் முடிவில் போய்ச் சேரும். பையனோ அதற்குப் பதில் சொல்லவே வழியில்லாமல் நிற்பான். ‘நம்ம ஆளா’ என்பதற்குள் வேறு கேள்வியும் ஒளிந்திருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். “சொன்னதெல்லாம் அவர் முன்னாலேயே சொல்லக்கூடியதுதான். அதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை” என்றேன். சாதி, கல்யாணம், வீட்டு நிலவரம், உடம்பு, யூனியனில் இருந்தாரா என்பவற்றுக்கெல்லாம் என் பதில் ஒன்றே: “இது வேலையைப் பற்றிய கேள்வி இல்லை.” டெஸ்பாட்ச் குமாஸ்தாவின் தாயார் விஷயம்கூட நான் சொல்ல வேண்டியதில்லை. ‘நான்கு மாதம், வாரம் இரண்டு நாள், என் அனுமதியோடு தாமதமாக வந்தார்’ என்றால் போதும். காரணத்தைச் சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம்.

கடைசிக் கேள்வி: “எங்களிடம் நன்றாக இருப்பாரா? நீங்கள் உத்தரவாதம் தருவீர்களா?” இதற்கு ஆம் என்று சொல்லுகிறவர்கள் அநேகம். அவர்கள் ஆபீஸில் மேலாளர் யார், வாரா வாரம் எண்ணுவார்களா, சம்பளம் காலத்தில் வருமா என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? “நடந்ததற்கு நான் சாட்சி, நடக்கப்போவதற்கு ஜாமீன் இல்லை” என்றேன். “நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?” என்றார். “பாக்கிக் கணக்கு வேலைக்கு நாளைக்கே எடுத்துக்கொள்வேன். ரொக்கமும் கொடுப்பேன், வாரம் ஒரு முறை எண்ணுவேன்” என்றேன். பேசி முடித்ததும் தேதி, நேரம், கேட்டவர் பெயர், கேட்டது, சொன்னது எல்லாவற்றையும் டைரியில் நாலு வரி எழுதி வைத்தேன். பையனிடமும் சொன்னேன். வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் ரொக்கம் கொடுக்காமல், பிறகு கொடுத்தார்களாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் பயப்படுவார்கள். அவதூறு பற்றிய விதி முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. தன்னுடைய நலனையோ பிறர் நலனையோ காப்பதற்காக நல்லெண்ணத்தோடு ஒருவரைப் பற்றிச் சொல்வது அதில் விதிவிலக்கு. ஆனால் ‘நல்லெண்ணம்’ என்பதற்குச் சட்டம் கொடுக்கிற அர்த்தத்தைக் கவனிக்க வேண்டும். தக்க கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது. மனதில் விரோதம் இல்லை என்பது மட்டும் போதாது. இங்கிலாந்திலும் 1994இல் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் இதே வழியில், முன்னாள் ஊழியரைப் பற்றிச் சான்று சொல்லும் முதலாளி, அந்த ஊழியர் விஷயத்தில் கவனத்தோடு நடக்கக் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பளித்தது. என்னுடைய ‘ம்...’மில் விரோதம் துளியும் இல்லை. கவனமும் துளியும் இல்லை.

“அப்படியானால் நிஜமாகவே கையாடல் செய்தவனையும் மூடி மறைப்பதா?” என்று கேட்கலாம். கூடாது. விசாரணை நடந்து, முடிவு எழுத்தில் இருந்தால், கம்பெனி அனுமதிக்கிற அளவில் அந்த முடிவைத் தேதியோடு சொல்லலாம். விசாரணையே நடக்கவில்லை, கான்டீனில் நாலு பேர் பேசிக்கொண்டார்கள் என்றால், அது நம் வாயிலிருந்து வரக் கூடாது. நாம் அன்றைக்கு விசாரிக்காமல் விட்டதற்கு இன்றைக்கு டெலிபோனில் தண்டனை கொடுக்க நமக்கு உரிமையில்லை. ஒருவரைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்ல வராது என்று தோன்றினால், அவரிடமே, “என் பெயரைக் கொடுக்காதே, உனக்கு உபயோகப்படாது” என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். முகத்துக்கு நேரே சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் அவருக்குத் தெரியாமல் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்வதைவிட அது கண்ணியமானது.

இன்னும் ஓர் எச்சரிக்கை. கூப்பிடுகிற இடத்தில் நீங்கள் இருந்தால், மனுப் போட்டவர் கொடுக்காத பெயரைத் தேடிப்பிடித்துப் பேசாதீர்கள். இப்போது வேலையில் இருக்கும் இடத்துக்கே பேசிவிட்டால், புது வேலை கிடைக்கும் முன் பழைய வேலை போய்விடும். இதுவும் நம் மாதுங்கா, டோம்பிவலி வட்டாரங்களில் நடந்திருக்கிறது; “அங்கே நம்ம சிநேகிதர் இருக்காரே, கேட்டுப் பார்க்கலாம்” என்ற நல்ல மனசால் நடந்தது.

அந்த டெஸ்பாட்ச் குமாஸ்தாவுக்கு எட்டு மாதம் கழித்து பிவண்டியில் ஒரு கோடவுனில் வேலைக்கு வழி வந்தது. பழைய இடத்தில் கிடைக்கவிருந்ததைவிடச் சம்பளம் குறைவு. மனுவில் யார் பெயரைக் கொடுத்தார் தெரியுமா? என் பெயரைத்தான். கொடுக்கும் முன் என்னிடம் வந்து, “இந்த முறை என்ன சொல்லுவீர்கள் ஸாப்?” என்று கேட்டார். எழுதி வாசித்துக் காட்டினேன். ஒரு வரியைத் திருத்தச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி, திருத்தினேன். அன்றிலிருந்து, காகிதம் கையில் இல்லாமல் நான் யாரைப் பற்றியும் டெலிபோனில் பேசுவதில்லை. ரிடையர் ஆன பிறகும் அந்த டைரி டெலிபோன் பக்கத்திலேயேதான் இருக்கிறது.